எச்டிஎம்ஐ இல்லாத மானிட்டரில் கன்சோல்: டிவிஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா, ஒலிக்கு என்ன வழி?

ஐடி நிறுவனங்கள் கழித்துக்கட்டும் மானிட்டர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. தொலைக்காட்சியை வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுவிட்டுத் தன் மேசையில் கன்சோல் ஆட நினைப்பவருக்கு இவை நல்ல தேர்வு. ஆனால் அலுவலகத்துக்கென்று செய்யப்பட்டவை என்பதால் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே இருக்காது. டெல் பி2414எச் இதற்குச் சரியான உதாரணம்: 24 அங்குல ஐபிஎஸ் திரை, 1920×1080 தெளிவு, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய உறுதியான தாங்கி. பின்பக்கம் பார்த்தால் விஜிஏ, டிவிஐ, டிஸ்ப்ளேபோர்ட் என மூன்று. கன்சோல்களோ எச்டிஎம்ஐ தவிர வேறு எதையும் படத்துக்கு வைத்திருப்பதில்லை.

விஜிஏ அனலாக் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். மிச்சம் இருப்பவை டிவிஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும். டிஸ்ப்ளேபோர்ட்தான் புதியது, ஆகவே அதுதான் மேல் என்று பெரும்பாலானோர் முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த மானிட்டரைப் பொறுத்தவரை என் பதில் நேர்மாறானது. டிவிஐயில் செருகுங்கள்; மிச்சமாகும் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள்.

காரணம் எளிது. எச்டிஎம்ஐ டிவிஐயின் மேல்தான் கட்டப்பட்டது. டிவிஐ 1999இல் வந்தது. 2002இல் வந்த எச்டிஎம்ஐ, படத்தை அனுப்பும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு ஒலியையும் சில கூடுதல் தகவல்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குப் போகும் கேபிளுக்குள் மாற்றும் வேலை எதுவும் நடப்பதில்லை. ஒரு முனையின் கம்பிகள் மறுமுனையின் பின்களோடு நேராக இணைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சிப் இல்லை, மின்சாரம் வேண்டாம், தாமதம் இல்லை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து இப்படி வரும் இணைப்பு, டிவிஐயின் ஒற்றை இணைப்பு வகை. அதன் உச்சம் 1920×1200 தெளிவு, நொடிக்கு 60 பிரேம். பி2414எச் ஏற்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்பதால் வரம்பு எங்கும் இடிக்காது. 2560×1440 அல்லது 2560×1600 கொண்ட பழைய பெரிய மானிட்டர்களில் இருக்கும் டிவிஐ இரட்டை இணைப்பு வகை. அவற்றின் முழுத் தெளிவை இந்தக் கேபிள் தராது. அத்தகைய மானிட்டரைக் கன்சோலுக்காக வாங்க வேண்டாம்.

டிஸ்ப்ளேபோர்ட்டின் கதை வேறு. அது படத்தைப் பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது; மின்னழுத்தமும் வேறு, மொழியும் வேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் சாதாரணக் கேபிள் எங்கும் கிடைக்கிறது. அது வேலை செய்வதற்குக் காரணம் கேபிள் அல்ல, கிராபிக்ஸ் கார்டுதான். பெரும்பாலான கார்டுகளின் டிஸ்ப்ளேபோர்ட், மறுபக்கம் எச்டிஎம்ஐ இருப்பதை உணர்ந்து தானே எச்டிஎம்ஐ மொழிக்கு மாறிக்கொள்ளும். கன்சோலின் எச்டிஎம்ஐக்கு அப்படி டிஸ்ப்ளேபோர்ட் மொழி தெரியாது. அதே கேபிளைத் திருப்பிச் செருகினால் இரு முனைகளும் கச்சிதமாகப் பொருந்தும், மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு உறங்கிவிடும். எதுவும் கெட்டுப்போகாது, பணம் மட்டும் போகும்.

கன்சோலிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக உண்மையான கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே ஒரு சிப், அதற்கு மின்சாரம். எச்டிஎம்ஐ துளையில் 5 வோல்ட் பின் ஒன்று இருந்தாலும், அதிலிருந்து 55 மில்லி ஆம்பியர் மட்டுமே நிச்சயமாகக் கிடைக்கும். கால் வாட்டுக்குச் சற்று அதிகம். அதை நம்பி இந்தச் சிப்பை ஓட்ட முடியாது. ஆகவே நம்பத்தக்க கன்வெர்ட்டர்களில் யுஎஸ்பி வால் ஒன்று தொங்கும். கடையில் அடையாளம் காண இதுவே நல்ல வழி. யுஎஸ்பி வால் இல்லை, விலையும் சாதாரணக் கேபிளின் விலைதான் என்றால், அது எதிர்த்திசைக்கானது. பெட்டியில் "எச்டிஎம்ஐ டு டிஸ்ப்ளேபோர்ட்" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இரண்டு பெயர்களையும் எந்த வரிசையிலும் எழுதும் விற்பனையாளர்கள் உண்டு. எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்று காட்டும் அம்புக்குறியையோ விவரத்தையோ பாருங்கள். எச்டிஎம்ஐ பக்கம் சோர்ஸ் என்றும் டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் மானிட்டர் என்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகினால் பி2414எச்சில் கிடைப்பது அதே 1080பி, அதே 60 ஹெர்ட்ஸ். கூடுதலாக ஒரே ஒரு சாத்தியம் உண்டு: டிஸ்ப்ளேபோர்ட் ஒலியையும் சுமக்கும். மானிட்டரில் ஹெட்போன் துளை இருந்தால் கன்சோலின் ஒலி அதன் வழியாக வந்துவிடும், வேறு எதுவும் வேண்டாம். ஆகவே நீங்கள் பார்க்கும் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒலித்துளையும் சேர்ந்து இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அலுவலக மானிட்டர்கள் பலவற்றில் அந்தத் துளை இருப்பதில்லை. சில மானிட்டர்களின் அடியில் ஸ்பீக்கர் பட்டைக்கு மின்சாரம் தரும் துளை ஒன்று மட்டும் இருக்கும், அதைப் பார்த்து ஒலி வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

டிவிஐ பக்கம் இரண்டு சிக்கல்கள் வரலாம். முதலாவது எச்டிசிபி என்கிற நகல் தடுப்பு. பிஎஸ்4, மறுமுனையில் இருக்கும் திரை எச்டிசிபி அறிந்ததுதானா என்று கேட்கும். பதில் வராவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். பி2414எச் போன்ற 2010க்குப் பிந்தைய டெல் மானிட்டர்களின் டிவிஐ எச்டிசிபி அறிந்தது. 2005ஐ ஒட்டிய மானிட்டர்களில் அது இல்லாமல் போகலாம். அப்படியென்றால் முதலில் கன்சோலை வேறொரு தொலைக்காட்சியில் இணைத்து, பிஎஸ்4இல் Settings > System சென்று Enable HDCP என்பதன் குறியை எடுத்துவிட்டு, பிறகு மானிட்டரில் செருக வேண்டும். பிஎஸ்5இல் இதே தேர்வு Settings > System > HDMI என்ற இடத்தில் இருக்கிறது. அணைத்தபின் விளையாட்டுகள் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற படச் செயலிகள் ஓடாது. எக்ஸ்பாக்ஸில் விளையாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, படச் செயலிகள் மட்டுமே மறுக்கும்.

இரண்டாவது, நிறம். கருமையான காட்சிகள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருந்தால் கன்சோல் தொலைக்காட்சிக்கான குறுகிய நிற வரம்பை அனுப்புகிறது, மானிட்டர் கணினிக்கான முழு வரம்பை எதிர்பார்க்கிறது என்று பொருள். பிஎஸ்4இல் Video Output Settings உள்ளே RGB Range என்பதை Full என்று வைத்தால் சரியாகிவிடும். இதற்கு எதிர்மாறாக, இருண்ட மூலைகளில் எதுவுமே தெரியாமல் கறுப்பு அப்பிக்கிடந்தால் Limited என்று வையுங்கள்.

இப்போது ஒலி. படத்தை விட இதில்தான் முடிவெடுக்க வேண்டியவை அதிகம், ஏனென்றால் இங்கே விடை கன்சோலுக்குக் கன்சோல் மாறுகிறது. முதல் பிஎஸ்4, பிஎஸ்4 ப்ரோ, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றின் பின்புறம் ஆப்டிக்கல் துளை இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆப்டிக்கல் கேபிளை இழுத்து, ஆப்டிக்கலை அனலாக்காக மாற்றும் சிறு டேக் பெட்டி வழியாக ஸ்பீக்கரில் கொடுத்தால் வேலை முடிந்தது. படப் பாதையை யாரும் தொட வேண்டியதில்லை. 2016இல் வந்த பிஎஸ்4 ஸ்லிமில் இந்தத் துளையை நீக்கிவிட்டார்கள். பிஎஸ்5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அது இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஆப்டிக்கல் எப்போதுமே இல்லை. ஆனால் டாக்கில் வைத்திருக்கும்போதும் கன்சோலின் தலைப்பக்கம் இருக்கும் ஹெட்போன் துளை வேலை செய்யும் என்பதால் ஸ்விட்ச்காரர்கள் இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்காமலே போகலாம்.

ஆப்டிக்கல் இல்லாத கன்சோலுக்கு மூன்று வழிகள். தனியாக ஆடுபவர், ஹெட்போன் போதும் என்பவர், கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் துளையைப் பயன்படுத்தலாம். ஒரு பைசா செலவில்லை. பிஎஸ்4இல் Settings > Devices > Audio Devices சென்று Output to Headphones என்பதை All Audio என்று மாற்றுவது முக்கியம். இல்லாவிட்டால் நண்பர்களின் பேச்சு மட்டும் கேட்கும், விளையாட்டின் ஒலி வராது. அந்தத் துளையில் ஸ்பீக்கரைச் செருகவும் முடியும், ஆனால் கன்ட்ரோலரோடு கம்பி இழுபடும், பேட்டரி சீக்கிரம் தீரும், படம் பார்க்கும்போது கன்ட்ரோலர் தானாக அணைந்தால் ஒலியும் நின்றுவிடும். ஸ்பீக்கருக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வழி யுஎஸ்பி. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் சாதாரண யுஎஸ்பி சவுண்ட் கார்டை ஹெட்செட்டாக எடுத்துக்கொள்கின்றன. விரல் அளவுள்ள அந்தச் சாதனத்தின் துளையில் மேசை ஸ்பீக்கரைச் செருகிவிட்டால், எச்டிஎம்ஐயில் ஒலி போகிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் டிவிஐயில் செருகும்போது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான், ஏனென்றால் இடையில் கெடக்கூடிய பெட்டி எதுவும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் இத்தகைய பொதுவான யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளை ஏற்பதில்லை. சீரீஸ் எஸ் வாங்கியவருக்கு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் மூன்றாவது வழிதான் மிச்சம்.

அது ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். கன்சோலிலிருந்து எச்டிஎம்ஐ இந்தப் பெட்டிக்குள் வரும். படம் மறுபக்க எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போகும். ஒலி ஆப்டிக்கலிலும் 3.5 மில்லிமீட்டர் துளையிலும் தனியாகப் பிரிந்து வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டிவிஐ மானிட்டரோடு சேர்க்கும்போது, எல்லாவற்றையும் சரியாக இணைத்தும் படம் வந்து ஒலி மட்டும் வராத நிலை அடிக்கடி ஏற்படுகிறது. பெட்டி கெட்டது என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். இணைத்தவுடன் கன்சோல் மறுமுனையிடம் "நீ யார், உனக்கு என்னென்ன ஏற்கும்?" என்று கேட்கிறது. மானிட்டர் தருகிற பதிலுக்கு இடிஐடி என்று பெயர். டிவிஐ மானிட்டரின் பதிலில் ஒலி பற்றி எதுவுமே இருக்காது. எக்ஸ்ட்ராக்டர் அந்தப் பதிலை அப்படியே கன்சோலுக்குக் கடத்தினால், கன்சோல் டிவிஐ என்று புரிந்துகொண்டு ஒலியை அனுப்புவதையே நிறுத்திவிடும். வராத ஒலியை எந்தப் பெட்டியும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே எக்ஸ்ட்ராக்டரில் சிறிய ஸ்விட்ச் ஒன்று இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அதில் PASS, 2CH, 5.1CH என மூன்று நிலைகள் பொதுவாக இருக்கும். PASS என்பது மானிட்டரின் பதிலைக் கடத்துவது. 2CH என்பது பெட்டி தானே "நான் இரண்டு சேனல் ஒலி ஏற்பேன்" என்று பதில் சொல்வது. டிவிஐக்கு 2CHதான் வேண்டும். இந்த ஸ்விட்ச் இல்லாத மலிவான பெட்டிகளை டிவிஐ மானிட்டருக்காக வாங்கவே வேண்டாம்.

ஸ்விட்சை 2CHக்குத் தள்ளியதும் ஒலி வரும், ஆனால் வேறு இரண்டு விளைவுகளும் கூடவே வரலாம். பெட்டி சொல்லும் பதிலில் மானிட்டருக்கு ஏலாத தெளிவுகளும் இருக்கக்கூடும். கன்சோல் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் திரை கறுத்துவிடும். அதனால் ஸ்விட்சை மாற்றும் முன்பே கன்சோலில் தெளிவை Automatic என்பதிலிருந்து 1080p என்று கையால் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பிஎஸ்4ஐ முழுமையாக அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது பீப் ஒலி வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அங்கே Change Resolution என்ற தேர்வு இருக்கிறது. இன்னொன்று, கன்சோல் இப்போது ஒலி கலந்த எச்டிஎம்ஐ சிக்னலை அனுப்புகிறது. பல டிவிஐ மானிட்டர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலவற்றில் திரையின் இடது ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று நிற்கும், அல்லது படம் முழுவதும் பச்சையும் ஊதாவுமாக மாறும். முழுப் படமும் நிறம் மாறியிருந்தால் கன்சோலை ஆர்ஜிபி முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஓரக் கோடு மட்டும் நின்றால் அந்த மானிட்டரும் அந்தப் பெட்டியும் ஒத்துப்போகவில்லை. வேறு மாடல் பெட்டியோ யுஎஸ்பி வழியோதான் தீர்வு.

ஒலி வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கன்சோல் டால்பி வடிவில் அனுப்பினால் 3.5 மில்லிமீட்டர் துளையில் அமைதியோ இரைச்சலோதான் வரும், அந்தச் சிறு பெட்டிக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. பிஎஸ்4இல் Audio Output Settings உள்ளே Linear PCM என்று வையுங்கள். பிறகும் ஸ்பீக்கரில் "ம்ம்" என்ற தொடர் முனகல் கேட்டால், எக்ஸ்ட்ராக்டருக்குக் கன்சோலின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் தருவதை நிறுத்தித் தனி சார்ஜரிலிருந்து கொடுத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் ஆப்டிக்கல் வெளியீட்டுக்கு மாறுங்கள். ஒளி வழியே போகும் ஒலிக்கு மின்சார முனகல் ஒட்டாது.

பிஎஸ்4 ஸ்லிமையும் பி2414எச்சையும் ஒரு சோடி மேசை ஸ்பீக்கரையும் வைத்திருப்பவருக்கு ஆக நான் சொல்வது: எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் ஒன்று, யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று. அதே மானிட்டரும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸும் என்றால், கன்சோலுக்கு அடுத்து ஸ்விட்ச் உள்ள எக்ஸ்ட்ராக்டர், அதன் பின் எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள். மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் இணைக்கிறீர்கள் என்றாலும் வரிசை இதுவே: முதலில் எக்ஸ்ட்ராக்டர், பிறகு கன்வெர்ட்டர். எக்ஸ்ட்ராக்டர் எச்டிஎம்ஐ மட்டுமே அறியும், கன்வெர்ட்டரைத் தாண்டிய பிறகு அதற்கு வேலை இல்லை.

டிஸ்ப்ளேபோர்ட் கன்வெர்ட்டருக்கு எப்போது பணம் போடலாம்? மானிட்டரில் வேறு நுழைவே இல்லாதபோது. 2014இல் வந்த ஏசஸ் ஆர்ஓஜி ஸ்விஃப்ட் பிஜி278க்யூ அப்படிப்பட்டது: 27 அங்குலம், 2560×1440, 144 ஹெர்ட்ஸ், இத்தனை இருந்தும் பின்னால் ஒரே ஒரு டிஸ்ப்ளேபோர்ட். ஏற்கெனவே கணினிக்காக வைத்திருப்பவர் அதில் பிஎஸ்5 ஆட விரும்பினால் கன்வெர்ட்டர் தவிர வழியில்லை. எச்டிஎம்ஐ 1.4 கன்வெர்ட்டர் 4கே படத்தை நொடிக்கு 30 பிரேமுக்கு மேல் கொண்டுபோகாது, 1440பியிலும் 120 ஹெர்ட்ஸ் எட்டாது. எனவே எச்டிஎம்ஐ 2.0 என்றும், 1440பி எத்தனை ஹெர்ட்ஸ் என்றும் விவரத்தில் எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். பிஎஸ்5 1440பியை அனுப்பத் தொடங்கியது 2022 செப்டம்பர் மென்பொருள் புதுப்பிப்பிலிருந்துதான். ஆகவே கன்சோலைப் புதுப்பித்துவிட்டுச் சோதியுங்கள். விஆர்ஆர் என்கிற மாறும் பிரேம் வீதம் இந்தப் பாதையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த மானிட்டரின் ஜி-சிங்க் கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்கானது.

இந்த மானிட்டரைக் கன்சோலுக்காகவே புதிதாகத் தேடி வாங்குவதாக இருந்தால் நான் தடுப்பேன். நல்ல கன்வெர்ட்டரும் எக்ஸ்ட்ராக்டரும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அந்தத் தொகையைப் பழைய மானிட்டரின் விலையோடு கூட்டினால், எச்டிஎம்ஐயும் ஹெட்போன் துளையும் உள்ள மானிட்டரையே பார்க்கத் தொடங்கிவிடலாம். அதில் கன்சோலின் ஒலி எச்டிஎம்ஐ வழியே உள்ளே போய் ஹெட்போன் துளையில் வெளியே வந்துவிடும். எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: ஃப்ரீசிங்க்கை எச்டிஎம்ஐயில் ஏற்கும் மானிட்டரில் மாறும் பிரேம் வீதம் எச்டிஎம்ஐ 2.1 இல்லாமலே கிடைக்கும். பிஎஸ்5க்கு அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும்.

பழைய ஆப்பிள் திரைகளை மலிவாகப் பார்த்தால் மட்டும் ஒருமுறை நின்று யோசியுங்கள். 2010இன் 27 அங்குல சினிமா டிஸ்ப்ளே மினி டிஸ்ப்ளேபோர்ட்டில் இயங்குவது என்பதால் கன்வெர்ட்டரோடு முயன்று பார்க்க இடமுண்டு. 2011இன் தண்டர்போல்ட் டிஸ்ப்ளேயின் முனையும் அச்சு அசலாக அதே வடிவம்தான். ஆனால் அது தண்டர்போல்ட் சிக்னலை மட்டுமே ஏற்கும், டிஸ்ப்ளேபோர்ட்டை ஏற்காது. எந்தக் கன்வெர்ட்டரைச் செருகினாலும் அதில் கன்சோலின் படம் வராது.